சின்ன காயினில் பணம் போடும் முன் ஆர்டர் புக்கைப் படிப்பது எப்படி: ஒரே எக்ஸ்சேஞ்சில் விற்கும் காயின்களுக்கான வழிகாட்டி

நான்கு ரூபாய்ச் சொச்சத்துக்கு விற்றுக்கொண்டிருந்த ஒரு கிரிப்டோ காயினில் 12,000-ஐ 51,360 ரூபாய்க்கு வாங்கி, அதே இரவில் 42,560 ரூபாய்க்கு விற்றேன். நானாக விற்கவில்லை, விலை இறங்கினால் தானாக விற்கும்படி நான் வைத்த ஸ்டாப் லாஸ் விற்றது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் விலை கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்திருந்தது. காயின் மோசமா, எக்ஸ்சேஞ்ச் மோசமா என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் புரிந்தது: திரையில் கண்முன்னே இருந்த ஆர்டர் புக்கை, அதாவது வாங்கவும் விற்கவும் நிற்பவர்களின் பட்டியலை, நான் படிக்கவே இல்லை, வெறுமனே பார்த்திருக்கிறேன்.

இது பிட்காயின், ஈத்தர் வாங்குபவர்களுக்கான கட்டுரை இல்லை. ஒரே ஓர் இந்திய எக்ஸ்சேஞ்சில், ரூபாய் ஜோடியில் மட்டும் வியாபாரம் ஆகும் சின்ன காயின்களைத் தொட நினைப்பவர்களுக்கானது. நான் பட்ட அடியையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். காயினின் பெயரும் எக்ஸ்சேஞ்சின் பெயரும் வேண்டாம்.

## 1. முதலில் அந்தக் காயினுக்கு வாசல் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்

ஆர்டர் புக்கைத் திறப்பதற்கு முன் ஐந்து நிமிட வேலை ஒன்று இருக்கிறது. எக்ஸ்சேஞ்சின் வாலட் பக்கத்துக்குப் போய் அந்தக் காயினுக்கு டெபாசிட், வித்டிராயல் இரண்டும் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

டெபாசிட் மூடியிருந்தால் வெளியிலிருந்து புதுச் சரக்கு உள்ளே வர முடியாது. உள்ளே இருக்கும் கொஞ்சம் காயினை வைத்துக்கொண்டு விலையை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிக் காட்டலாம். டெபாசிட் திறக்கும் நாளில் வெளியே வைத்திருப்பவர்கள் சரக்கைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். வித்டிராயல் மூடியிருந்தால் கதை தலைகீழ்: நீங்கள் வாங்கியது அங்கேயே சிறைப்பட்டுக் கிடக்கும், அதே ஆர்டர் புக்கில் இருப்பவர்களுக்குத்தான் விற்றாக வேண்டும். இரண்டும் திறந்திருந்தால் மட்டும் மேலே போங்கள்.

அடுத்து, காயின் விலைகளைத் தொகுத்துக் காட்டும் காயின்கெக்கோ தளத்தில் அந்தக் காயினின் மார்க்கெட்ஸ் பட்டியலைத் திறந்து, எத்தனை எக்ஸ்சேஞ்ச் இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஒன்றுதான் என்றால் அங்கே காட்டும் விலைக்குச் சாட்சி யாரும் இல்லை. பல இடங்களில் விற்கும் காயினுக்கு ஓரிடத்தில் விலை சரிந்தால், அங்கே வாங்கி இன்னோரிடத்தில் விற்கும் ஆட்கள் உடனே வந்து சரிவை நிரப்பிவிடுவார்கள். ஒரே இடம் என்றால் அந்த ஆட்களே கிடையாது. ஒரே சுருக்கப் பெயரில் வேறு வேறு காயின்கள் இருப்பதும் சகஜம் என்பதால், பிளாக்செயினில் அந்தக் காயினின் அடையாளமான கான்ட்ராக்ட் முகவரியையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

## 2. ஆர்டர் புக்கைத் தாளில் எழுதுங்கள்

ஆமாம், கையால்தான். திரையில் எண்கள் ஓடும்போது கண் விலையை மட்டும்தான் பார்க்கிறது. எழுதினால்தான் அளவு கண்ணில் படும்.

ஆர்டர் புக்கில் இரண்டு பக்கம் உண்டு. பச்சையில் இருப்பது பிட், அதாவது "இந்த விலைக்கு இத்தனை வாங்கிக்கொள்கிறேன்" என்பவர்களின் வரிசை. சிவப்பில் இருப்பது ஆஸ்க், விற்க நிற்பவர்களின் வரிசை. எல்லாருமே வாங்குவதைப் பற்றித்தான் யோசிக்கிறோம், ஆனால் நீங்கள் முதலில் எழுத வேண்டியது பச்சைப் பக்கத்தை. நாளைக்கு உங்களிடம் வாங்கப்போகிறவர்கள் அவர்கள்தான்.

அன்று இரவு நான் வாங்கிய நேரத்தில் பச்சைப் பக்கம் இப்படி இருந்தது. முதல் எண் விலை, இரண்டாவது காயின் எண்ணிக்கை, மூன்றாவது அந்த வரி வரைக்கும் கூட்டிய ரூபாய்:

```
4.08      900      3,672
4.05    1,500      9,747
4.00   38,000   1,61,747
3.91    1,200   1,66,439
3.84    2,000   1,74,119
3.70    2,500   1,83,369
3.52    4,000   1,97,449
3.30    3,500   2,08,999
```

கடைசியாக வியாபாரம் ஆன விலை என்று திரையின் உச்சியில் 4.20 பெரிதாக மின்னிக்கொண்டிருந்தது. விற்பவர்கள் பக்கம் 4.22-ல் தொடங்கியது. வாங்குபவர்களில் அதிகம் கொடுப்பவர் 4.08. நடுவே 14 பைசா இடைவெளி. இதுதான் ஸ்ப்ரெட். 14 பைசாதானே என்று தோன்றும். நான்கு ரூபாய்ப் பொருளில் அது 3.3 சதவீதம். வாங்கிய அடுத்த நொடியே விற்றாலும் அவ்வளவும் போய்விடும்.

இப்போது மூன்றாவது வரியைப் பாருங்கள். 4.00 ரூபாயில் 38,000 காயின், 1,52,000 ரூபாய். எட்டு வரிகளிலும் இருக்கும் மொத்தப் பணம் 2,08,999 ரூபாய். அதில் கிட்டத்தட்ட முக்கால்வாசி அந்த ஒரே வரியில் இருக்கிறது. இதைத்தான் சுவர் என்கிறார்கள். "நாலு ரூபாய்க்குக் கீழே விலை இறங்காது, பெரிய ஆள் யாரோ நிற்கிறார்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் வாங்கினேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இது: அதே பட்டியலை அந்த ஒரு வரி இல்லாமல் இன்னொரு முறை எழுதுங்கள். 3.52 வரைக்கும் மொத்தம் 45,449 ரூபாய்தான் வருகிறது. அரை லட்ச ரூபாய்க்குக் காயின் வைத்திருக்கும் ஒரே ஆள் விலையை 4.08-லிருந்து 3.52-க்குக் கீழே தள்ளிவிடலாம். அந்தக் காயினின் உண்மையான ஆழம் இதுதான்.

கணக்குப் போடச் சோம்பலாக இருந்தால் இந்தச் சின்ன பைத்தான் துண்டு போதும். `bids` வரிசையில் உங்கள் காயினின் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்:

```python
bids = [(4.08, 900), (4.05, 1500), (4.00, 38000),
        (3.91, 1200), (3.84, 2000), (3.70, 2500),
        (3.52, 4000), (3.30, 3500)]

def sell(qty, skip=()):
    got = 0
    for p, q in bids:
        if p in skip:
            continue
        n = min(q, qty)
        got += n * p
        qty -= n
    return round(got), qty

print(sell(12000))
print(sell(12000, skip=(4.00,)))
```

12,000 காயினை அப்போதே விற்றால் சுவரோடு 48,147 ரூபாய் வரும், சுவர் இல்லாமல் 45,097. திரையில் மின்னும் 4.20-ஐ வைத்துப் பெருக்கினால் 50,400. ஆப் காட்டும் "உங்கள் முதலீட்டின் மதிப்பு" இந்த மூன்றாவது எண்தான், அது யாரும் உங்களுக்குத் தரப்போகாத பணம். `sell` திருப்பித் தரும் இரண்டாவது எண் பூஜ்யமாக இல்லையென்றால், அவ்வளவு காயினை வாங்க அந்த வரிகளில் ஆளே இல்லை என்று அர்த்தம்.

24 மணி நேர வால்யூமை, அதாவது ஒரு நாளில் கைமாறியதாகக் காட்டும் தொகையை, பார்த்து மயங்க வேண்டாம். நான் வாங்கிய காயினில் அது லட்சங்களில் காட்டியது. பிறகு டிரேட் ஹிஸ்டரியை உட்கார்ந்து பார்த்தபோது, பெரும்பாலானவை ஏறக்குறைய ஒரே அளவில், ஒரே இடைவெளியில், ஸ்ப்ரெட்டின் நட்ட நடுவில் நடந்தவை. பிட் 4.08, ஆஸ்க் 4.22 என்று இருக்கும்போது 4.15-ல் வியாபாரம் நடக்கிறது, ஆனால் 4.15-ல் ஆர்டர் எதுவும் என் கண்ணில் பட்டதே இல்லை. ஒரே கை வலதிலிருந்து இடதுக்கு மாற்றிக்கொள்வது போலத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த வால்யூமில் உங்கள் காயினை வாங்கப்போகிறவர் யாரும் இல்லை.

## 3. சுவர் நிஜமா என்று மூன்று நாள் கவனியுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள், நானும் தாண்டித்தான் போனேன். ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் போதும். ஒரு வேளை பகலாகவும் இன்னொன்று இரவு பதினொரு மணிக்கு மேலாகவும் இருக்கட்டும், இரவில் புக் இன்னும் மெலிந்துவிடும்.

பணம் போன பிறகு அதே காயினை உட்கார்ந்து கவனித்தேன். நோட்டில் எழுதியது இது. நேரம், முதல் பிட், சுவரின் விலை, சுவரின் அளவு என்ற வரிசையில்:

```
10:02   4.10   4.02   40,000
10:09   4.06   3.98   40,000
10:15   4.15   4.07   40,000
```

விலை இறங்கினால் சுவரும் இறங்குகிறது. ஏறினால் சுவரும் ஏறுகிறது. எப்போதும் சரியாக எட்டு பைசா தள்ளி நிற்கிறது. அந்த இருபது நிமிடத்தில் சுவரின் விலையில் ஒரு காயின்கூடக் கைமாறவில்லை. வாங்க வந்தவர் ஏன் விலை பக்கத்தில் வரும்போதெல்லாம் பின்வாங்க வேண்டும்?

மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். நிஜமாகவே பத்து மாடு வாங்க வந்தவர் "எனக்குப் பத்து மாடு வேணும்" என்று கூவிக்கொண்டு திரிய மாட்டார், கூவினால் விலை ஏறிவிடும். ஆர்டர் புக்கிலும் அப்படித்தான். பெரிய அளவில் வாங்க நினைப்பவர் அதைச் சின்னச் சின்னதாக உடைத்துப் போடுவார். மொத்த அளவையும் எல்லார் கண்ணிலும் படும்படி ஒரே வரியில் வைப்பவர், அதை நாம் பார்க்க வேண்டும் என்றுதான் வைக்கிறாரோ என்று சந்தேகப்படுங்கள்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்றால், முதலில் அந்த இடைவெளி. சுவர் எப்போதும் விலையிலிருந்து ஒரே தூரத்தில் நகர்ந்துகொண்டே இருந்தால் அது போலி என்பதற்கு வலுவான அடையாளம். அடுத்தது அது கரையும் விதம். சுவரின் அளவு 40,000-லிருந்து 22,000 ஆகக் குறைந்தால் உடனே டிரேட் ஹிஸ்டரியைப் பாருங்கள். அந்த விலையில் 18,000 காயின் விற்றிருந்தால் சுவர் நிஜம், அடிவாங்கிக்கொண்டு நிற்கிறது. 300 காயின்தான் விற்றிருக்கிறது என்றால் மிச்சத்தை அவரே கேன்சல் செய்திருக்கிறார்.

மூன்றாவது, எதிர்ப்பக்கம். பச்சைப் பக்கத்தில் பெரிய சுவர் நிற்கும்போது சிவப்புப் பக்கத்தில் நடுத்தர அளவு ஆர்டர்கள் தொடர்ந்து விற்றுத் தீர்ந்து, மறுபடி மறுபடி நிரப்பப்படுகின்றனவா? அப்படியென்றால் சுவரை நம்பி வாங்க வருபவர்களிடம் யாரோ சரக்கைத் தள்ளிக்கொண்டிருக்கலாம். நான் வாங்கிய அன்று சிவப்புப் பக்கத்தில் 4.22-ல் 2,000, 4.25-ல் 3,000, 4.31-ல் 7,000 இருந்தன. கிடைக்கும் விலைக்கு உடனே வாங்கும் மார்க்கெட் ஆர்டர் போட்டு மூன்றையும் துடைத்து எடுத்தேன், சராசரி விலை 4.28. சில நொடிகளில் அதே மூன்று விலைகளிலும் புதுச் சரக்கு வந்து உட்கார்ந்தது. சுவர் வைத்தவரும் இந்தச் சரக்கை நிரப்பியவரும் ஒரே ஆளா என்பதை என்னால் நிரூபிக்க முடியாது. வெளியிலிருந்து பார்க்கும் யாராலும் முடியாது, ஆர்டர் புக்கில் பெயர் இருப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நகரும் ஆர்டர் எல்லாமே ஏமாற்று இல்லை. வாங்கவும் விற்கவும் எப்போதும் ஆர்டர் வைப்பதையே தொழிலாகக் கொண்ட மார்க்கெட் மேக்கரின் பாட், அதாவது தானாக இயங்கும் நிரல், நொடிக்கு நொடி ஆர்டரை மாற்றும், அது அதன் வேலை. ஆனால் அது இரண்டு பக்கமும் நிற்கும், விலைக்கு ஒட்டி நிற்கும், அடிக்கடி அதன் ஆர்டர் விற்றும் போகும். ஒரு பக்கம் மட்டும், எட்டத்தில், மலை மாதிரி நிற்பது வேறு ரகம். நிஜமான சுவரும் உண்டு. நான்கைந்து முறை விலை வந்து மோதியும் அங்கேயே நின்று அடிவாங்கியிருந்தால் அது நிஜம். அதுவும் ஒரு நாள் தீரும்.

கடைசியாக ஒரு சின்னச் சோதனை. ஸ்ப்ரெட்டின் நடுவில், 4.11 மாதிரி ஒரு விலையில், 137 காயின் என்பது போல ஒற்றைப்படையாக, விலையை நாமே குறிக்கும் லிமிட் ஆர்டர் ஒன்று போடுங்கள். எக்ஸ்சேஞ்சின் குறைந்தபட்ச ஆர்டர் தொகைக்கு மேல் இருந்தால் போதும். அது சில நொடியில் ஆர்டர் புக்கில் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் நீங்கள் பார்க்கும் புக்கும் உங்கள் ஆர்டர் போகும் இடமும் ஒன்றுதானா என்பதே சந்தேகம், அங்கே பணம் போடாதீர்கள். தெரிந்தால் கேன்சல் செய்துவிடுங்கள்.

## 4. எவ்வளவு வாங்கலாம் என்பதை விற்கும் பக்கத்திலிருந்து கணக்கிடுங்கள்

கையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து அளவை முடிவு செய்யாதீர்கள். சுவரை நீக்கிய பட்டியலை எடுங்கள். முதல் பிட் விலையிலிருந்து மூன்று சதவீதத்துக்கு மேல் சராசரி இறங்காமல் எத்தனை காயின் விற்க முடியும்? என் உதாரணத்தில் 900-ஐ 4.08-க்கும், 1,500-ஐ 4.05-க்கும், 1,200-ஐ 3.91-க்கும், 1,600-ஐ 3.84-க்கும் விற்றால் 5,200 காயினுக்கு 20,583 ரூபாய் வரும். சராசரி 3.96. எல்லை அதுதான்.

நான் போட்டது 51,360 ரூபாய். அந்தச் சந்தை தாங்கக்கூடியதைப் போல இரண்டரை மடங்கு. மூன்று சதவீதம் என்பது சட்டமில்லை, நான் எனக்கு வைத்துக்கொண்டது. உங்களுக்கு ஐந்து என்றால் ஐந்து. ஆனால் எண்ணை வாங்கும் முன் எழுதி வையுங்கள். மூன்று நாள் கவனித்ததில் எந்த வேளை புக் மிகவும் மெலிந்திருந்ததோ, அந்த வேளையின் பட்டியலை வைத்துக் கணக்கிடுங்கள். அவசரமாக விற்கவேண்டி வரும் நேரம் நல்ல நேரமாக இருக்காது.

## 5. உள்ளே போவது: மார்க்கெட் பட்டனைத் தொடாதீர்கள்

முதலில் சின்ன ஒத்திகை. ஐநூறு ரூபாய்க்கு வாங்குங்கள், பாதியை உடனே விற்றுப் பாருங்கள், மிச்சத்தை உங்கள் சொந்த வாலட்டுக்கு அனுப்ப முயலுங்கள். வித்டிராயல் கட்டணம் அந்தத் தொகையையே விழுங்கிவிடும் என்றால் அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை, கட்டணம் எவ்வளவு, குறைந்தபட்ச அளவு எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு லிமிட் ஆர்டர் மட்டும். முதல் பிட் 4.08 என்றால் நீங்கள் 4.09-ல் நில்லுங்கள். திரையில் Post Only என்று ஒரு பெட்டி இருந்தால் டிக் செய்யுங்கள். விலையைத் தவறாக அடித்து, எதிர்ப்பக்க ஆர்டரோடு உடனே மோதும்படி ஆகிவிட்டால் ஆர்டர் தானாக ரத்தாகிவிடும். 5,000 காயின் வேண்டுமென்றால் 900, 1,100 என்று உடைத்துப் போடுங்கள். நீங்களே ஒரு சுவராக நிற்காதீர்கள்.

ஒரு பைசா கூட்டி உங்களுக்கு முன்னால் வந்து நிற்கும் பாட் கட்டாயம் இருக்கும். நீங்கள் 4.09, அது 4.10. நீங்கள் 4.11, அது 4.12. துரத்திக்கொண்டே போனால் கடைசியில் 4.22-ல்தான் வாங்குவீர்கள். முதல் விலையிலேயே நில்லுங்கள். எனக்கு இந்த முறையில் 4,000 காயின் வாங்க இரண்டு நாள் ஆனது. இரண்டு நாள் பொறுக்க முடியாத காரணம் ஏதாவது இருந்தால், பெரும்பாலும் அது டெலிகிராம் குரூப்பில் யாரோ கொடுத்த காரணமாக இருக்கும்.

## 6. வெளியே வருவது: ஸ்டாப் லாஸ் என்ற குழி

சுவர் 4.00-ல் இருக்கிறது, அதற்கு இரண்டு பைசா கீழே 3.98-ல் ஸ்டாப் லாஸ் வைத்தால் பத்திரம் என்று நினைத்தேன். அதிகபட்ச நஷ்டம் 3,600 ரூபாய் என்று கணக்கும் போட்டேன். நடந்தது வேறு. விலை 4.05-ஐத் தொட்டதும் சுவர் மறைந்தது. 3.91-ல் ஒரு வியாபாரம் நடந்தது, அது என் ஸ்டாப்பை எழுப்பியது. என்னுடையது ஸ்டாப் மார்க்கெட் வகை, அதாவது எழுந்தவுடன் கிடைத்த விலைக்கு விற்கும். அதற்குள் 3.91 வரியும் காலி. 2,000 காயின் 3.84-க்கும், 2,500 காயின் 3.70-க்கும், 4,000 காயின் 3.52-க்கும், மிச்சம் 3,500 காயின் 3.30-க்கும் போயின. மொத்தம் 42,560 ரூபாய். விலையை அந்த அடிமட்டத்துக்குக் கொண்டுபோனதே என் ஆர்டர்தான். 8,800 ரூபாய் நஷ்டம், கட்டணம் தனி.

சுவரை வைத்தவர் என் ஸ்டாப் ஆர்டரைப் பார்த்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. சுவரை நம்பியவர்கள் எல்லாரும் அதற்கு ஒட்டிக் கீழேதான் ஸ்டாப் வைப்பார்கள் என்று யாரும் ஊகிக்கலாம்.

ஸ்டாப் லிமிட் என்று இன்னொரு வகை உண்டு. 3.98-ல் எழுந்து, 3.85-க்குக் கீழே விற்காதே என்று சொல்லலாம். அடிமட்ட விலைக்குப் போகாது, ஆனால் விலை 3.85-ஐத் தாண்டிக் குதித்துவிட்டால் விற்காமலே நின்றுவிடும். மெலிந்த புக்கில் இரண்டுக்கும் நடுவே நல்ல வழி கிடையாது. நான் இப்போது இந்த வகைக் காயின்களில் ஸ்டாப் வைப்பதே இல்லை. மொத்தமும் போனாலும் தாங்கும் அளவுக்கு மட்டும் வாங்குகிறேன், வாங்கிய அன்றே மேலே மூன்று நான்கு விலைகளில் சின்னச் சின்ன விற்பனை ஆர்டர்களைப் போட்டு வைக்கிறேன். இது எல்லாருக்கும் ஒத்துவராது. ஸ்டாப் கட்டாயம் வேண்டும் என்றால் லிமிட் வகையை, சுவருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு விலையில் வையுங்கள்.

## 7. செலவுக் கணக்கு

விலை அசையவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். 10,000 ரூபாய்க்கு 4.22-ல் வாங்கி 4.08-ல் விற்றால் கைக்கு வருவது 9,668. ஸ்ப்ரெட்டில் 332 ரூபாய் போயிற்று. என் எக்ஸ்சேஞ்சில் கட்டணம் 0.4 சதவீதம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. போக வர இரண்டுக்கும் சேர்த்து 93 ரூபாய். ஆக 425 ரூபாய் நஷ்டம், ஒன்றும் நடக்காமலே.

இது போக விற்கும்போது 1 சதவீத டிடிஎஸ், இங்கே 97 ரூபாய் பிடிப்பார்கள். 2022 ஜூலை 1 முதல் இது இருக்கிறது. இது நஷ்டமில்லை, ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். ஆனால் அதுவரை மாட்டிக்கொள்ளும். நாளுக்குப் பத்து முறை வாங்கி விற்றால் முதலீட்டில் கிட்டத்தட்ட பத்து சதவீதம் ஒரே நாளில் முடங்கிவிடும். ரூபாய்க்குப் பதில், டாலர் மதிப்பை ஒட்டி நிற்கும் யூஎஸ்டிடி காயினைக் கொடுத்து வாங்கும் யூஎஸ்டிடி ஜோடியில் செய்தால் காயினுக்குக் காயின் மாற்றுவதாகக் கணக்காகி இரண்டு பக்கமும் டிடிஎஸ் உண்டு.

வருமான வரிதான் பெரிய அடி. 2022 ஏப்ரல் 1 முதல் லாபத்துக்கு நேராக 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீத செஸ். வாங்கிய விலையை மட்டும்தான் கழிக்க விடுவார்கள், எக்ஸ்சேஞ்ச் கட்டணத்தைக் கழிக்க முடியாது. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் ஈடுகட்டவும் முடியாது, அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. எனக்கு அந்த ஆண்டு வேறொரு காயினில் 9,000 ரூபாய் லாபம். இரண்டையும் சேர்த்தால் 200 ரூபாய்தான் மிச்சம், ஆனால் 9,000-க்கு 2,808 ரூபாய் வரி கட்டினேன். மெலிந்த புக்கில் வழுக்கி விழுந்த பணத்துக்கு வரியிலும் ஆறுதல் கிடையாது.

## 8. எடுத்து வைக்க வேண்டிய ஆவணங்கள்

கணக்குத் திறக்க பான், ஆதார், வங்கிக் கணக்கு விவரம், ஒரு செல்ஃபி. எக்ஸ்சேஞ்ச் நிதி உளவுப் பிரிவில் பதிவு செய்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு இருந்தால் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்பு விதிகளுக்கு அது கட்டுப்பட்டது என்று மட்டும்தான் பொருள். ஆர்டர் புக்கில் போலிச் சுவர் இருக்காது என்று பொருள் இல்லை.

பங்குச் சந்தையில் இப்படிச் செய்தால் செபி பிடிக்கும். கிரிப்டோ செபியின் கீழ் வராது, எனவே அங்கே புகார் கொடுக்க வழியில்லை. எக்ஸ்சேஞ்சின் உதவிப் பிரிவுக்குத்தான் எழுத வேண்டும். நான் எழுதினேன். ஒன்பது நாள் கழித்து, "உங்கள் ஆர்டர் அந்த நேரத்தில் கிடைத்த சிறந்த விலையில் நிறைவேற்றப்பட்டது" என்று பதில் வந்தது. பொய்யில்லை. சுவர் வந்து போனதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை, டிரேட் ஹிஸ்டரியில் கேன்சல் ஆன ஆர்டர் பதிவாகாது. அதனால் பெரிய ஆர்டர் போடும்போது திரையைப் பதிவு செய்யுங்கள், கணினியின் கடிகாரமும் அதில் தெரியட்டும். ஆர்டர் எண், டிரேட் எண் இரண்டையும் தனியே குறித்து வையுங்கள்.

மாதம் ஒருமுறை டிரேட் ரிப்போர்ட்டைத் தரவிறக்கி வைத்துவிடுங்கள். ஒரே எக்ஸ்சேஞ்சில் இருக்கும் காயின் அங்கிருந்து நீக்கப்பட்டால், அல்லது எக்ஸ்சேஞ்சே மூடினால், பழைய கணக்கை எடுக்க அலைய வேண்டியிருக்கும். மார்ச் முடிந்த பிறகு அந்த ரிப்போர்ட்டில் உள்ள டிடிஎஸ் தொகையை 26ஏஎஸ் படிவத்தோடும் ஏஐஎஸ் அறிக்கையோடும் ஒப்பிடுங்கள். கடைசிக் காலாண்டுத் தொகை 26ஏஎஸ்-ல் ஏறக் கொஞ்சம் தாமதமாகும், எனக்கு ஜூன் வரை ஆனது. ஏறுவதற்கு முன் அவசரப்பட்டுத் தாக்கல் செய்து, பிறகு திருத்திய ரிட்டர்ன் போட்டேன். ரிட்டர்னில் ஷெட்யூல் விடிஏ என்ற பகுதியில் ஒவ்வொரு விற்பனையையும் வாங்கிய தேதி, விற்ற தேதி, இரண்டு விலைகளோடு தனித்தனியாக நிரப்ப வேண்டும். அன்றிரவு ஸ்டாப் லாஸ் விற்ற 12,000 காயின் நான்கு விலையில் போனதால் ரிப்போர்ட்டில் நான்கு வரியாக வந்திருந்தது, நான்கையும் நிரப்பினேன்.